"20 நாடுகளின் சராசரி" என்றால் உண்மையில் எத்தனை நாடுகள்?

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். "டேய், ஒரு ஷீட் இருக்குடா. 20 கிளை, ஒவ்வொண்ணுக்கும் விற்பனை வளர்ச்சி சதவீதம், கீழ சராசரி. இந்த வருஷம் சராசரி மைனஸ்ல போயிடுச்சு. ஏன்னு பார்த்துச் சொல்லேன்" என்றான். "ஃபைலை அனுப்பு" என்றேன். "அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனேடா, 20 வரிசை, ஒரு நெடுவரிசை, இதுல என்ன இருக்கு பார்க்க?" என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டான்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வாயால் சொன்ன விவரத்தை வைத்து எண்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று விளக்க, பொருளாதாரத் துறையில் நடந்த ஒரு பிரபலமான விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். பலருக்கும் "எக்செல் தப்பு" என்ற பெயரில் தெரிந்த கதைதான். ஆனால் அந்தப் பெயரே கதையைத் தப்பாகச் சொல்கிறது என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன்.

கட்டுரை சொன்ன வார்த்தைகள்

2010 மே மாதம் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் "கடன் காலத்தில் வளர்ச்சி" என்ற பொருளில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். இருவருமே பெரிய பெயர்கள். ரோகாஃப் பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்தவர்.

கட்டுரையின் முக்கியமான கணக்கை வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான். 20 வளர்ந்த நாடுகள், 1946 முதல் 2009 வரை. ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு ஆண்டையும், அந்த ஆண்டில் அரசுக் கடன் ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்று பார்த்து 4 கூடைகளில் போட வேண்டும்: 30க்குக் கீழே, 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேலே. பிறகு ஒவ்வொரு கூடையிலும் பொருளாதார வளர்ச்சியின் சராசரியைப் பார்க்க வேண்டும்.

விடை: முதல் மூன்று கூடைகளில் சராசரி வளர்ச்சி ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம். நான்காவது கூடையில் −0.1 சதவீதம். அதாவது கடன் 90ஐத் தாண்டியதும் வளர்ச்சி மலை உச்சியிலிருந்து விழுவது மாதிரி விழுகிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு அரசுகள் செலவைக் குறைக்க வேண்டுமா கூடாதா என்று சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பால் ரயன் தலைமையிலான பட்ஜெட் குழு உட்பட, செலவைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் இந்த 90ஐ எடுத்துக் காட்டினார்கள்.

இப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். மேலே நான் கொடுத்த விவரணையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கிறதா, இல்லையா? நாடுகள் எத்தனை, ஆண்டுகள் எவை, கூடைகள் எப்படி, கடைசியில் என்ன செய்தார்கள், எல்லாம் இருக்கிறது. ஒரு நல்ல பொறியாளர் இதை வைத்து அரை நாளில் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அப்படித்தான் நினைத்தார். ஒரு பாடத்துக்கான பயிற்சியாக, வெளியான ஒரு கட்டுரையின் முடிவைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையை எடுத்தார். பொதுவில் கிடைத்த தரவை வைத்து, கட்டுரை சொன்ன முறைப்படியே கணக்குப் போட்டார். −0.1 வரவே இல்லை. தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் மறைக்காமல் தங்கள் எக்செல் ஃபைலை அனுப்பிவைத்தார்கள். அதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். 2013 ஏப்ரலில் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் சேர்ந்து, அந்த ஃபைலில் கண்டதை வெளியிட்டார்கள்.

ஃபைலைத் திறந்ததும் தெரிந்தது

ஷீட்டில் 30-ஆம் வரிசை முதல் 49-ஆம் வரிசை வரை 20 நாடுகள். 90க்கு மேலான கூடைக்கு உரிய நெடுவரிசையில் கீழே இருந்த ஃபார்முலா இது:

```
=AVERAGE(L30:L44)
```

இருக்க வேண்டியது இது:

```
=AVERAGE(L30:L49)
```

கடைசி 5 வரிசைகள் விட்டுப்போயிருந்தன. பட்டியல் பெரும்பாலும் தலைகீழ் அகர வரிசையில் இருந்ததால் விட்டுப்போனவை டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா. மவுஸை இழுக்கும்போது கை கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது போல. எக்செல் பயன்படுத்துகிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

ஊடகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டன. "எக்செல் தப்பால் உலகப் பொருளாதாரமே தவறான பாதையில்" என்கிற மாதிரி தலைப்புகள். ஆனால் அந்த 5 வரிசையைச் சேர்த்தால் −0.1 எவ்வளவாக மாறும் என்று போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டுப் பார்ப்போம். ஹெர்ண்டன் குழுவினர் வெளியிட்ட எண்கள் போதும், கணக்கு மிகச் சிறியது.

90க்கு மேலான கூடையில், இந்த ஃபார்முலாவுக்குள் வந்த நாடுகளும் ஒவ்வொன்றின் சராசரி வளர்ச்சியும்:

| நாடு | 90க்கு மேல் இருந்த ஆண்டுகள் | சராசரி வளர்ச்சி (%) |
|---|---|---|
| கிரீஸ் | 19 | 2.9 |
| அயர்லாந்து | 7 | 2.4 |
| இத்தாலி | 10 | 1.0 |
| ஜப்பான் | 11 | 0.7 |
| நியூசிலாந்து | 1 | −7.9 |
| பிரிட்டன் | 19 | 2.4 |
| அமெரிக்கா | 4 | −2.0 |

கூட்டினால் −0.5. ஏழால் வகுத்தால் −0.07. சுருக்கினால் −0.1. கட்டுரையில் வந்த எண் அப்படியே வந்துவிட்டது.

முதல் ஆச்சரியம் இங்கேயே. "20 நாடுகளின் சராசரி" என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது 7 நாடுகளின் சராசரி. இது மோசடி எதுவும் இல்லை. மற்ற பெரும்பாலான நாடுகளின் கடன் அந்தக் காலத்தில் 90ஐத் தொடவே இல்லை, அதனால் அந்த செல்களில் எண்ணே இல்லை. AVERAGE எண் இல்லாத செல்லைச் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். ஆனால் கவனியுங்கள்: எண் இல்லாததால் விட்டுப்போன நாடும், எண் இருந்தும் ஃபார்முலாவுக்கு வெளியே நின்ற நாடும் விடையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதாவது தெரியவே தெரியாது. இதனால்தான் அந்தத் தப்பு மூன்று வருஷம் வெளியே வராமல் இருந்தது.

இப்போது விட்டுப்போன 5 வரிசையைச் சேர்ப்போம். அவற்றில் இந்த நெடுவரிசையில் எண் இருந்தது பெல்ஜியத்துக்கு மட்டும்தான்: 25 ஆண்டுகள், சராசரி 2.6. கூட்டினால் 2.1, எட்டால் வகுத்தால் 0.26. ஆக உலகமே பேசிய அந்த எக்செல் தப்பின் விலை ஏறத்தாழ 0.3 சதவீதப் புள்ளி. −0.1 என்பது 0.3 ஆகும், அவ்வளவுதான். மலை உச்சியிலிருந்து விழுவது அப்போதும் விழுவதுதான்.

அப்படியானால் ஹெர்ண்டன் குழுவுக்குக் கிடைத்த 2.2 எங்கிருந்து வந்தது? இதுதான் கதையின் உண்மையான பகுதி. அது எந்த ஃபார்முலாவிலும் இல்லை.

காலியாக இருந்த செல்கள்

மேலே உள்ள பட்டியலில் நியூசிலாந்தைப் பாருங்கள். ஒரே ஒரு ஆண்டு, −7.9. முதலில் ஒரு சின்ன விஷயம்: மூலத் தரவில் அது −7.6. ஷீட்டுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது −7.9 ஆகியிருக்கிறது. இதன் பாதிப்பு மிகக் குறைவு, விட்டுவிடலாம்.

பெரிய விஷயம் அந்த "ஒரே ஆண்டு". அது 1951. ஆனால் நியூசிலாந்தின் கடன் 1946 முதல் 1949 வரையும் 90க்கு மேல்தான் இருந்தது. அந்த 4 ஆண்டுகளின் எண்களும் கணக்கில் சேரவில்லை. அவை என்ன எண்கள்? 7.7, 11.9, −9.9, 10.8. இவற்றையும் 1951-இன் −7.6ஐயும் சேர்த்து ஐந்தால் வகுத்தால் 2.6 வரும். −7.6 இருந்த இடத்தில் 2.6! ஒரு செல்லில் 10 புள்ளி வித்தியாசம்.

இதேபோல ஆஸ்திரேலியாவுக்கு 1946–50, கனடாவுக்கு 1946–50, ஆளுக்கு 5 ஆண்டுகள் சேரவில்லை. அந்த ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் சராசரி 3.8, கனடாவின் சராசரி 3.0. இந்த இரண்டும் வந்தால் நாடுகள் 10 ஆகின்றன. 10 எண்களையும் கூட்டினால் 19.4, சராசரி 1.9.

ஆக ஃபார்முலாவைத் திருத்தியபோது 0.3க்கு வந்த எண், காலிச் செல்களை நிரப்பியபோது 1.9க்குப் போய்விட்டது. ஃபார்முலா தப்பைவிட ஐந்து மடங்கு பெரிய நகர்வு.

ஏன் சேர்க்கவில்லை? கட்டுரையைத் தயாரித்த நேரத்தில் அந்த ஆண்டுகளின் தரவு இன்னும் சரிபார்க்கப்பட்டுச் சேர்க்கப்படவில்லை என்று ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் பிறகு விளக்கம் சொன்னார்கள். அதை நான் நம்பத் தயார். தரவு சேகரிப்பவர்களுக்கு இது அன்றாடம் நடப்பது. என் புகார் வேறு. "1946 முதல் 2009 வரை" என்ற வார்த்தைகள் இந்தக் காலிச் செல்களை மறைத்துவிட்டன. அந்தச் சொற்றொடரைப் படிக்கிற எவரும் 20 நாட்டுக்கும் 64 ஆண்டும் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஷீட்டைத் திறந்தால் ஓட்டை ஓட்டையாக இருப்பது கண்ணில் படும். வார்த்தையில் ஓட்டை தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கட்டுரை தன் படத்தின் கீழ், 90க்கு மேலான கூடையில் 96 தரவுகள் இருப்பதாகச் சொல்லியிருந்தது. மேலே உள்ள பட்டியலின் ஆண்டுகளைக் கூட்டுங்கள்: 71. பெல்ஜியத்தின் 25ஐச் சேர்த்தால்தான் 96. அதாவது விவரணை எழுதியவர் கையில் சரியான எண்ணிக்கை இருந்தது, ஃபார்முலா வேறொன்றைச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியும் எவருக்கும் முரண் தெரியவில்லை, ஏனென்றால் 71 எங்கேயும் எழுதப்படவில்லை. விவரணை என்பது நாம் செய்ததாக *நினைப்பது*. ஷீட் என்பது செய்தது. இரண்டும் வேறுபடும்போது விவரணை மட்டும் கையில் இருப்பவருக்கு எந்த வழியும் கிடையாது.

ஒரு வரிசை என்பது எதன் எடை?

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் அதில் தப்பே கிடையாது. தேர்வு மட்டும்தான்.

"சராசரி" என்று சொன்னோம். எதன் சராசரி? ஷீட்டில் ஒரு நாடு ஒரு வரிசை. அதனால் AVERAGE ஒவ்வொரு நாட்டுக்கும் சமமான எடை கொடுக்கிறது. 19 ஆண்டுகள் 90க்கு மேலே இருந்து 2.4 சதவீதம் வளர்ந்த பிரிட்டனும், ஒரே ஆண்டு இருந்து −7.9 காட்டிய நியூசிலாந்தும் அந்த ஃபார்முலாவுக்கு ஒன்றுதான். நியூசிலாந்து வரிசையை மட்டும் அழித்துவிட்டு மீதி 6 நாடுகளைச் சராசரி எடுத்துப் பாருங்கள்: 7.4ஐ ஆறால் வகுத்தால் 1.2. ஒரு நாட்டின் ஓர் ஆண்டு, 71 ஆண்டுகளின் சராசரியை 1.3 புள்ளி கீழே இழுத்திருக்கிறது. 1951 நியூசிலாந்தில் துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாட்கள் நீடித்த ஆண்டு. அதனால்தான் வளர்ச்சி சரிந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட தனி ஆண்டு ஒன்றின் மேல் உலகப் பொதுவான விதியை ஏற்றிவைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

மாற்று வழி, ஆண்டுகளை எடையாக வைப்பது. 10 நாடுகளின் ஆண்டுகள் B நெடுவரிசையிலும் வளர்ச்சி C நெடுவரிசையிலும் இருந்தால்:

```
=SUMPRODUCT(B2:B11,C2:C11)/SUM(B2:B11)
```

ஆண்டுகளின் மொத்தம் 110. விடை 2.2. ஹெர்ண்டன் குழுவின் எண் இதுதான்.

இந்த இடத்தில் நான் முழுக்க ஹெர்ண்டன் பக்கம் நிற்கவில்லை. நாட்டுக்கு ஒரு ஓட்டு என்பதற்கும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனின் 19 ஆண்டுகள் 19 தனித்தனி சாட்சிகள் ஆகாது. ஒரே நாடு, ஒரே கொள்கை, போன வருஷத்தின் தொடர்ச்சி இந்த வருஷம். அதை 19ஆக எண்ணினால் இரண்டு மூன்று நாடுகளே விடையைத் தீர்மானித்துவிடும். ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஃபார்முலா தப்பை உடனே ஒப்புக்கொண்டார்கள், எடை விஷயத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நாட்டுக்கு ஓர் ஆண்டுதான் தரவு இருக்கும்போது "அந்த நாட்டின் சராசரி" என்று ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க, ஆண்டுகளின் எண்ணிக்கை இருந்த நெடுவரிசையைப் பார்த்திருக்க வேண்டும். விவரணையில் அந்த நெடுவரிசைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. எல்லாத் திருத்தத்துக்கும் பிறகும் கடைசிக் கூடையின் 2.2, மற்ற கூடைகளைவிடக் குறைவுதான். திருத்திய கணக்கில் அவை 4.2, 3.1, 3.2. கடன் கூடினால் வளர்ச்சி குறைவாக இருக்கிறது என்பது நிற்கிறது. விழுந்துபோனது 90 என்ற அந்த விளிம்பு. கடனால் வளர்ச்சி குறைகிறதா, வளர்ச்சி குறைந்ததால் கடன் கூடுகிறதா என்பது எந்தச் சராசரியாலும் தீராத வேறொரு வழக்கு.

"எக்செல் தப்பு" என்ற விவரணை

இப்போது என் விமர்சனத்துக்கு வருகிறேன். −0.1இலிருந்து 2.2க்கு மொத்த நகர்வு 2.3 புள்ளி. அதில் ஃபார்முலா வரம்பு 0.3. காலிச் செல்கள் ஏறத்தாழ 1.6. எடை ஏறத்தாழ 0.2. மீதி, −7.9 என்ற எழுத்துப்பிழையும் சுருக்கலும். (எந்த வரிசையில் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்து இந்தப் பங்குகள் மாறும். காலிச் செல்களை நிரப்பாமல் முதலிலேயே எடையை மாற்றினால், நியூசிலாந்தின் அந்த ஓர் ஆண்டு 96இல் ஒன்றாகக் கரைந்துவிடும். அப்போது எடையின் பங்கு மிகப் பெரியதாகத் தெரியும். இதுவும் ஷீட் கையில் இருந்தால்தான் தெரிகிற விஷயம்.)

ஆனால் பொதுப் பேச்சில் தங்கியது என்ன? "வரம்பைத் தப்பாக இழுத்துவிட்டார்கள்" என்பது மட்டும். அது ஏன் என்றால், அது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியது, சிரிக்கக்கூடியது. காலிச் செல்லையும் எடையையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாது, எண்களை முன்னால் வைத்துத்தான் காட்ட முடியும். ஆக முதலில் ஆசிரியர்களின் விவரணை ஷீட்டை மறைத்தது. பிறகு விமர்சகர்களின் விவரணை அதே ஷீட்டை இன்னொரு விதமாக மறைத்தது. இரண்டு தடவையும் படித்தவர்கள் வார்த்தையை வைத்தே முடிவுக்கு வந்தார்கள்.

ஃபைலைக் கேட்கும்போது என்ன கேட்க வேண்டும்

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் எளிமையானது. எவராவது எண்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னால், ஃபைலைக் கேட்பேன். ஸ்கிரீன்ஷாட் அல்ல, ஃபைல். ஸ்கிரீன்ஷாட்டில் ரைன்ஹார்ட்–ரோகாஃப் ஷீட் பழுதில்லாமல்தான் தெரிந்திருக்கும்: 20 நாடுகள், கீழே −0.1. ஃபார்முலா செல்லுக்குள் ஒளிந்திருக்கும். எண்களை மட்டும் ஒட்டி அனுப்பினாலும் அதே கதிதான்.

ஃபைல் வந்ததும் Formulas பட்டியில் Show Formulas அழுத்துவேன். பிறகு ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில், அதே வரம்புக்கு ஒரு COUNT போடுவேன், முழுப் பட்டியலுக்கும் ஒன்று:

```
=COUNT(L30:L44)
=COUNT(L30:L49)
=ROWS(L30:L49)
```

அந்த ஷீட்டில் இவை 7, 8, 20 என்று காட்டியிருக்கும். மூன்று எண்களும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்த எவரும் அதைத் தாண்டிப் போக மாட்டார்கள். முதல் இரண்டின் வித்தியாசம் ஃபார்முலா தப்பைச் சொல்கிறது. கடைசி இரண்டின் வித்தியாசம், "மீதி 12 ஏன் காலி?" என்று கேட்க வைக்கிறது. அந்தக் கேள்விதான் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கும். நியூசிலாந்து மட்டும் இதில் சிக்காது, ஏனென்றால் அங்கே ஓர் எண் இருக்கிறது. அதற்கு MIN போட்டு −7.9ஐப் பார்த்து, அந்தச் செல் எத்தனை ஆண்டுகளிலிருந்து வந்தது என்று பின்னாலேயே போக வேண்டும்.

சிலர் ஃபைலைத் தர முடியாது என்பார்கள். சம்பளப் பட்டியல், நோயாளிகள் விவரம் என்றால் நியாயம்தான். அப்போது பெயர்களை அழித்துவிட்டு எண்களை அப்படியே தரலாம். அதுவும் முடியாது என்றால், ஃபார்முலாக்களை எழுத்தாக நகலெடுத்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் COUNT, MIN, MAX மூன்றையும் தரச் சொல்வேன். அது ஃபைலுக்கு ஈடாகாது. அதை வைத்து "இங்கே ஏதோ சரியில்லை" என்று சொல்லலாம், "இதுதான் விடை" என்று சொல்ல முடியாது.

இதன் மறுபக்கமும் உண்மை. ஃபைல் மட்டும் போதாது, வார்த்தையும் வேண்டும். காலிச் செல் என்றால் "கடன் 90ஐத் தொடவில்லை" என்று அர்த்தமா, "தரவு இன்னும் கிடைக்கவில்லை" என்று அர்த்தமா? அந்த ஷீட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இதை ஷீட் சொல்லாது, ஷீட் போட்டவர்தான் சொல்ல வேண்டும். ஹெர்ண்டனுக்குக் கட்டுரை இல்லாமல் ஃபைல் மட்டும் கிடைத்திருந்தால், எது விட்டுப்போனது என்றே தெரிந்திருக்காது. வார்த்தை சொன்னதையும் ஷீட் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் கண்டுபிடித்தார்.

நண்பன் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து ஃபைலை அனுப்பினான். ஃபார்முலா சரியாகவே 20 வரிசையையும் எடுத்திருந்தது. COUNT மட்டும் 17 என்றது. மூன்று கிளைகளின் எண்களை பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள், எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் கூடவே வந்துவிட்டது. பார்க்க எண், எக்செல்லுக்கு அது எழுத்து. AVERAGE மூன்றையும் தாண்டிப் போய்விட்டது. மூன்றுமே நன்றாக விற்ற கிளைகள்.

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் 20 கிளைன்னுதானடா சொன்னேன்" என்றான்.

ஆமாம், 20 என்றுதான் சொன்னான்.